எக்செலில் போன் எண் 4.48E+11 ஆகிவிட்டதா? முன்னால் இருந்த பூஜ்யம் காணோமா?

வந்த `.csv` கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து திறந்தீர்கள். போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் `4.48E+11` என்று நிற்கிறது. 00417 என்ற குறியீடு 417 ஆகிவிட்டது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: Ctrl+S அழுத்தாதீர்கள். மூடும்போது "சேமிக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த நிமிடம் வரை மூலக் கோப்பு கெடாமல்தான் இருக்கிறது. சேமித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்து, அதே கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல் காட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை நோட்பேடு அப்படியே காட்டும். கீழே உள்ள மாதிரிக் கோப்பை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்:

```
code,phone,parcel
00417,447700900123,893100450012348876
01290,447700900456,893100450012348901
12E04,07700900789,893100450012360017
```

மூன்று நெடுவரிசைகளும் மூன்று விதமாகக் கெடும். சில வெறும் தோற்றப் பிழை, சில நிஜமான இழப்பு. எது எந்த ரகம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. இந்த நெடுவரிசை எண், அந்த நெடுவரிசை எழுத்து என்று அதற்குள் எந்தக் குறிப்பும் கிடையாது. அதனால் திறக்கும்போது எக்செல் தானாக ஊகிக்கிறது: இலக்கங்கள் மட்டும் இருந்தால் எண் என்று எடுத்துக்கொள்கிறது. எண் என்று ஆகிவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, விழுந்துவிடும். "00417" என்று மேற்கோள் குறி போட்டுக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். தப்பிக்காது. அந்தக் குறி, உள்ளே காற்புள்ளி வந்தால் நெடுவரிசை பிரிந்துவிடாமல் காப்பதற்குத்தான்.

## அறிகுறி 1: 4.48E+11 என்று தெரிகிறது, ஆனால் ஃபார்முலா பட்டையில் முழு எண் இருக்கிறது

செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே 447700900123 என்று முழுதாக இருந்தால் எதுவும் தொலையவில்லை. `General` வடிவத்தில் 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணை எக்செல் அடுக்குக்குறி வடிவில் காட்டும். நெடுவரிசை குறுகலாக இருந்தால் 10 இலக்க எண்ணுக்கும் இதே கதிதான். சிஎஸ்வியைத் திறக்கும்போது எல்லா நெடுவரிசையும் இயல்பு அகலத்தில்தான் வரும், அதனால்தான் இந்தக் கோலம்.

பார்ப்பதற்கு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றால், நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி, `Number` என்பதில் `Decimal places` 0 என்று வைத்துவிட்டு அகலத்தைக் கூட்டுங்கள். சரியாகிவிடும்.

இங்கே பலர் செய்வது வேறு. நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து `Text` என்று மாற்றுகிறார்கள், மாறவில்லையே என்று குழம்புகிறார்கள். ஏற்கெனவே எண்ணாக உள்ளே போய்விட்டதன் மேல் `Text` என்ற சட்டையை மாட்டினால் எண் இடப்பக்கம் நகர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அடுக்குக்குறிக் கோலம் அப்படியே இருக்கும், அகலத்தைக் கூட்டினால் `4.47701E+11` என்று தெரியும். `Text` வடிவம் இனிமேல் தட்டப்போகும் எழுத்துகளுக்குத்தான் பொருந்தும், உள்ளே இருப்பதற்கு அல்ல.

நிஜமாகவே எழுத்தாக மாற்ற, பக்கத்தில் காலி நெடுவரிசை ஒன்றில் இதைப் போடுங்கள்:

```
=TEXT(B2,"0")
```

கீழே வரை இழுத்து, வந்ததை நகலெடுத்து, `Paste Special` > `Values` என்று பழைய நெடுவரிசையின் மேலேயே ஒட்டிவிட்டு, உதவி நெடுவரிசையை நீக்குங்கள்.

ஃபார்முலா போட்டதும் விடைக்குப் பதிலாக `=TEXT(B2,"0")` என்ற வரியே செல்லில் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்து நெடுவரிசையை முன்பே `Text` ஆக்கியிருப்பீர்கள், புதிதாகச் செருகியதும் அந்த வடிவத்தையே வாங்கிக்கொண்டுவிட்டது. `General` ஆக்கிவிட்டு, F2, Enter.

## அறிகுறி 2: எல்லா எண்ணும் 000000 என்று முடிகிறது

`Number` வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கிறீர்கள். 447701000000, அடுத்த வரிசையிலும் அதே 447701000000. இதுதான் நான் பார்த்ததிலேயே மோசமானது. யாரோ ஒருவர் அந்தக் கோப்பை எக்செலில் திறந்து, சிஎஸ்வியாகவே சேமித்து, பிறகு உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்.

என்ன நடந்தது? சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே உள்ள எண்ணை எழுதாது, வடிவத்தின்படி எப்படித் தெரியுமோ அதை எழுதும். `General` வடிவத்தில் 447700900123 எப்படித் தெரியும்? `4.47701E+11` என்று. கோப்பில் அந்த எழுத்துகளே போய் உட்கார்ந்துவிட்டன. மறுபடி திறந்தால் 4.47701 பெருக்கல் பத்தின் 11ஆம் அடுக்கு, அதாவது 447701000000. கடைசியில் இருந்த 900123, 900456 எல்லாம் எங்கேயும் இல்லை.

சந்தேகம் இருந்தால் நோட்பேடில் திறந்து `E+` என்று தேடுங்கள். அங்கேயே இருந்தால் கோப்பு ஏற்கெனவே கெட்டது. எந்த ஃபார்முலாவும் மீட்காது. அனுப்பியவரிடம் முதல் கோப்பைக் கேட்பது ஒன்றே வழி, அதுவும் "எக்செலில் திறக்காமல் அப்படியே அனுப்புங்கள்" என்று சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார், எனக்கு அப்படி இரண்டு முறை அதே கெட்ட கோப்பு திரும்பி வந்திருக்கிறது.

நீளமான பட்டியலில் எத்தனை வரிசை போயிற்று என்று எண்ண:

```
=RIGHT(B2,6)="000000"
```

`TRUE` வந்த வரிசைகளை வடிகட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் உண்மையிலேயே அப்படி முடியும் எண்ணாக இருக்கலாம். கும்பலாக வந்தால் கதை முடிந்தது.

## அறிகுறி 3: 15 இலக்கத்துக்கு மேல், கடைசியில் மட்டும் பூஜ்யங்கள்

நம் மாதிரியில் பார்சல் எண் 18 இலக்கம். 893100450012348876 என்று இருந்தது எக்செலில் 893100450012348000 ஆகிறது. இது யாரும் சேமிக்காமலேயே, திறந்த கணத்திலேயே நடக்கும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16ஆவதிலிருந்து எல்லாம் பூஜ்யம். அட்டை எண், பார்சல் எண், சிம் அட்டையின் நீள எண் எல்லாம் இதில்தான் மாட்டும்.

இங்கே ஃபார்முலா பட்டையைப் பார்த்தாலும் பயனில்லை. அங்கேயும் பூஜ்யம்தான் தெரியும், ஏனென்றால் உள்ளேயே அதுதான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆறுதல்: சேமிக்காத வரை மூலக் கோப்பில் முழு எண்ணும் இருக்கிறது. மூடிவிட்டு, கீழே சொல்லும் முறையில் திறந்தால் போதும்.

## கெடாமல் திறப்பது

காலியான புதிய எக்செல் தாளைத் திறந்து `Data` > `From Text/CSV` போய்க் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டம் வரும். மேலே `Data Type Detection` என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் `Do not detect data types` என்பதை எடுங்கள். முன்னோட்டத்திலேயே 00417 பூஜ்யத்தோடு வந்துவிடும். (பெயர்கள் தமிழில் இருந்து, கிறுக்கலாகத் தெரிந்தால் `File Origin` என்பதில் `65001: Unicode (UTF-8)` வையுங்கள்.)

இத்தோடு `Load` அழுத்தினால் ஒரு சின்னத் தொந்தரவு வரும். தலைப்பு வரிசை தலைப்பாக ஏறாமல், `Column1`, `Column2` என்று பெயர் வைத்து, code, phone, parcel முதல் வரிசையில் தகவலாக நிற்கும். அதற்காக `Transform Data` அழுத்தி, திறக்கும் பவர் குவெரி சாளரத்தில் `Use First Row as Headers` கொடுப்பீர்கள். கொடுத்ததும் எண்கள் மறுபடி கெட்டுவிடும்! காரணம், அந்தப் பொத்தானை அழுத்தியதும் பவர் குவெரி தன் பங்குக்கு இன்னொரு படியையும் சத்தமில்லாமல் சேர்க்கிறது. வலப்பக்கம் `Applied Steps` பட்டியலில் கடைசியாக `Changed Type` என்று இருக்கும். பக்கத்தில் உள்ள × குறியை அழுத்தி அதை நீக்குங்கள். பூஜ்யங்கள் திரும்பி வருவது கண்முன்னே தெரியும். அப்புறம் `Close & Load`.

இந்த `Changed Type` படியை நீக்கத் தெரியாமல், "பவர் குவெரியில் போட்டும் கெடுகிறது" என்று அலுத்துக்கொண்டு விட்டுவிட்டவர்கள் நிறைய.

புதிய எக்செல் 365 இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. `File` > `Options` > `Data` போனால் `Automatic Data Conversion` என்ற பகுதி இருக்கும். பூஜ்யத்தை நீக்குவது, நீள எண்ணை 15 இலக்கத்தில் வெட்டுவது, நடுவில் E வந்தால் அடுக்குக்குறியாக்குவது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் உண்டு. எடுத்துவிட்டால் உங்கள் கணினியில் இரட்டைக் கிளிக் செய்தாலும் கெடாது. ஆனால் அது உங்கள் கணினிக்கு மட்டும். அடுத்த மேசைக்காரர் திறந்தால் பழைய கதைதான், அதனால் நான் அதை மட்டும் நம்பிக் கோப்பைக் கைமாற்றுவதில்லை.

## அறிகுறி 4: முன்னால் இருந்த பூஜ்யம் இல்லை

மூலக் கோப்பு கையில் இருந்தால் மேலே சொன்னபடி திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே கேள்விதான்: இந்த நெடுவரிசையில் எல்லாவற்றுக்கும் நீளம் ஒன்றா?

குறியீடு எப்போதும் 5 இலக்கம் என்றால் பிரச்சினையே இல்லை:

```
=IF(ISTEXT(A2),A2,TEXT(A2,"00000"))
```

ஏற்கெனவே எழுத்தாக இருப்பதைத் தொடாமல் விட்டு, எண்ணாக மாறியதற்கு மட்டும் பூஜ்யம் சேர்க்கிறது. `ISTEXT` எதற்கு என்றால், `TEXT` எழுத்தைக்கூட எண்ணாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. யாராவது 6 இலக்கக் குறியீட்டை `"001290"` என்று எழுத்தாகச் சேர்த்திருந்தால், அது சத்தமில்லாமல் 01290 ஆகிவிடும்.

`Ctrl+1` போய் `Custom` வடிவத்தில் `00000` கொடுத்தாலும் பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் உள்ளே 417தான். இன்னொரு கோப்போடு ஒப்பிடும்போது பொருந்தாது. அச்சிட மட்டும் என்றால் போதும், மற்றபடி வேண்டாம்.

போன் நெடுவரிசை கொஞ்சம் வம்பு. நம் மாதிரியில் சிலது நாட்டுக் குறியீட்டோடு 12 இலக்கம், ஒன்று மட்டும் பூஜ்யத்தில் தொடங்கி 11 இலக்கம். பூஜ்யம் விழுந்தபின் அது 10. பக்கத்தில் `=LEN(B2)` போட்டு, எந்தெந்த நீளங்கள் வருகின்றன என்று முதலில் வடிகட்டிப் பாருங்கள். 12ம் 10ம் மட்டும் என்றால்:

```
=IF(LEN(B2)=10,"0"&B2,B2&"")
```

9, 8 என்றும் வந்தால் நிறுத்துங்கள். அது எக்செல் வேலையில்லை, யாரோ தட்டும்போது விட்ட இலக்கம். அதற்கும் பூஜ்யம் சேர்த்தால் பார்க்கச் சரியாக இருக்கும் தவறான எண் கிடைக்கும். விடுபட்டது என்று தெரியும் எண்ணைவிட அது ஆபத்து. நீளம் ஆளுக்கொரு விதமாக உள்ள குறியீடு என்றாலும் இதே நிலைதான்: 417 முன்பு 0417ஆ, 00417ஆ என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 5: குறியீடு 1.20E+05 ஆகிவிட்டது

மாதிரியின் மூன்றாவது வரிசையைப் பாருங்கள். 12E04 என்பது எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. எக்செலுக்கு அது 12 பெருக்கல் பத்தின் நான்காம் அடுக்கு, அதாவது 120000. செல்லில் `1.20E+05` என்று தெரியும். 120E3 என்று இன்னொரு குறியீடு இருந்தால் அதுவும் அதே 120000. இரண்டும் ஒன்றாகிவிட்டதால் திரும்பிப் போக வழியே இல்லை. ஆயிரம் வரிசையில் இப்படி ஐந்தாறுதான் இருக்கும், அதனால் கண்ணில் படாது. நீளமான பட்டியலில் `1.20E+05` போல இரண்டே தசம இலக்கத்தோடு எங்காவது ஒற்றையாக நின்றால், நோட்பேடில் அந்த வரிசையைத் தேடிப் பாருங்கள்.

கூட்டல் குறியும் சிறு தொல்லைதான். `+447700900123` என்று தட்டினால் + போய்விடும். இடையில் கோடு போட்டு `+1-415-555` என்று தட்டினால் எக்செல் கழித்துப் பார்த்து `-969` என்று விடை சொல்லும். சிரிப்பாக இருக்கும், உங்கள் பட்டியலில் வராத வரை. தட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை `Text` ஆக்குவதுதான் பரிகாரம்.

## ஏற்கெனவே கெட்ட தாளில் பல நாள் வேலை செய்துவிட்டீர்கள் என்றால்

நடைமுறையில் அதிகம் வருவது இதுதான். மூலக் கோப்பு இருக்கிறது, ஆனால் கெட்ட தாளில் குறிப்பு எழுதி, நிறம் அடித்து, நூறு திருத்தம் செய்தாயிற்று. புதிதாகத் திறந்தால் அந்த உழைப்பு போய்விடும். தேவையில்லை. மூலக் கோப்பை மேலே சொன்ன முறையில், அதே புத்தகத்தில் இன்னொரு தாளாக ஏற்றி அதற்கு `raw` என்று பெயர் வையுங்கள். அங்கிருந்து பார்சல் எண்ணை மட்டும் இங்கே கொண்டு வரலாம்:

```
=XLOOKUP(A2,raw!A:A,raw!C:C)
```

எல்லா வரிசையிலும் `#N/A` வரும். மிரளாதீர்கள், நியாயமான காரணம் இருக்கிறது. `raw` தாளில் குறியீடு எழுத்து, 00417. உங்கள் தாளில் அது எண், 417. எக்செலுக்கு அவை வேறு வேறு. எனவே முதலில் உங்கள் பக்கத்தைச் சரிசெய்துகொண்டே தேடுங்கள்:

```
=XLOOKUP(TEXT(A2,"00000"),raw!A:A,raw!C:C)
```

00417, 01290 இரண்டுக்கும் முழுப் பார்சல் எண் வந்துவிடும். மூன்றாவது மட்டும் `#N/A` என்றே நிற்கும், ஏனென்றால் 12E04 உங்கள் தாளில் 120000 ஆகிவிட்டது, `raw` தாளில் அப்படி ஒன்றே இல்லை. இந்த மாதிரி மிச்சத்தைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும், பெயரையோ வேறு விவரத்தையோ வைத்துப் பொருத்தி. பிறகு எல்லாவற்றையும் மதிப்பாக ஒட்டிவிட்டு `raw` தாளை நீக்கலாம். நான் நீக்குவதில்லை, மறைத்துத்தான் வைப்பேன்.

## சரிசெய்த பிறகும் வரும் இரண்டு தொல்லைகள்

செல்களின் மூலையில் பச்சை முக்கோணம் வரும். "எண் எழுத்தாக இருக்கிறது" என்று எக்செல் புகார் சொல்கிறது. செல்லைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் வரும் குறியை அழுத்தினால் ஒரு பட்டியல் திறக்கும், அதில் முதலிலேயே நிற்பது `Convert to Number`. நல்லெண்ணத்தில் யாராவது அதை அழுத்தினால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் ஒரே கிளிக்கில் போச்சு. முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து `Ignore Error` கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. எண்கள் எழுத்தாக முழுசாக இருக்கின்றன, இரட்டிப்பு இருக்கிறதா என்று `COUNTIF` போட்டுப் பார்க்கிறீர்கள். மாதிரியின் முதல் இரண்டு பார்சல் எண்ணும் 2 என்று வரும், ஆனால் அவை வேறு வேறு எண்கள். `COUNTIF` ஒப்பிடும்போது எழுத்தையும் எண்ணாக மாற்றிப் பார்க்கிறது, 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டுக்கும் முதல் 15 இலக்கம் ஒன்றுதான். அதை நம்பி ஒரு வரிசையை அழித்திருந்தால் நல்ல தகவல் ஒன்று போயிருக்கும். எழுத்தை எழுத்தாகவே ஒப்பிட:

```
=SUMPRODUCT(--($C$2:$C$500=C2))
```

இப்போது இரண்டுக்கும் 1 என்றுதான் வரும்.

## அடுத்தவருக்கு அனுப்பும்போது

முடிந்தவரை `.xlsx` ஆக அனுப்புங்கள். அதில் எது எழுத்து என்ற விவரம் கூடவே போகும். வேறு மென்பொருளில் ஏற்ற சிஎஸ்விதான் வேண்டும் என்றால் சேமித்தபின் எக்செலில் திறந்து சரிபார்க்காதீர்கள். பூஜ்யம் போய்விட்டது போலவே தெரியும், கோப்பில் இருந்தாலும்கூட. "சரிசெய்து சேமித்தேன், மறுபடி திறந்தால் பழையபடி" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அந்தப் பதற்றத்தில் மீண்டும் சேமிப்பதுதான் உண்மையான சேதம். நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள். 00417 இருந்தால் அப்படியே மூடி அனுப்பிவிடலாம்.